பாக்கெட்டின் பின்பக்கம்: சர்க்கரை, உப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை ஒன்றின் ஆய்வகத்தில் பல பருவங்கள் வேலை பார்த்துவிட்டு, இப்போது காவேரிப்பட்டணத்தில் மளிகைக் கடை நடத்துகிறேன். லேபிளில் அச்சாகும் எண்களை ஒரு காலத்தில் எழுதிக் கொடுத்தவன், இன்று அதே எண்களைக் காட்டிப் பொருள் விற்கிறவன் என்பதால், கடைக்கு வருகிறவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டாக வரும் பிஸ்கட்டும் பானமும் எந்த ஒரு நிறுவனத்தின் பொருளும் அல்ல. சந்தையில் கிடைப்பவற்றை ஒத்த எண்களைக் கொண்டு கணக்குக்காக நானே அமைத்தவை.

பாக்கெட்ல இவ்வளவு எழுதியிருக்கே, முதல்ல எதைப் பாக்கறதுண்ணா?

முன்பக்கம் விளம்பரத்துக்கான இடம். அதை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் இரண்டு இடங்களை மட்டும் தேடுங்கள். ஒன்று, 'இன்கிரீடியன்ட்ஸ்' என்று தொடங்கும் சேர்மானப் பட்டியல். அது பொருள் எவற்றால் ஆனது என்று சொல்கிறது. மற்றொன்று, கட்டம் போட்ட சத்துப் பட்டியல். அது அந்தப் பொருளில் எது எவ்வளவு இருக்கிறது என்று எண்ணில் சொல்கிறது.

சர்க்கரையையும் உப்பையும் பொறுத்தவரை, சத்துப் பட்டியலில் 'ஆடட் சுகர்ஸ்', 'சோடியம்' என்ற இரண்டு வரிகளே முக்கியமானவை. சேர்மானப் பட்டியலில் எத்தனை பெயர்கள் மாறி வந்தாலும், அவற்றின் கூட்டுத்தொகை ஏறக்குறைய முழுவதும் இந்த இரண்டு வரிகளில் வந்து விழுந்துவிடும். விழாமல் தப்பிப்பவை சில உண்டு. அவற்றை உரிய இடத்தில் சொல்கிறேன்.

இன்கிரீடியன்ட்ஸ்னு வரிசையா எழுதியிருக்காங்களே, அந்த வரிசைக்கு ஏதாச்சும் அர்த்தம் இருக்கா?

இருக்கிறது. தயாரிக்கும்போது சேர்த்த எடையின்படி, அதிகமானதில் தொடங்கிக் குறைவானதில் முடியும்படி எழுத வேண்டும் என்பது எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. அதோடு, பெயரிலோ படத்திலோ ஒரு பொருளை முன்னிறுத்திக் காட்டினால், அது எத்தனை சதவீதம் என்பதையும் பட்டியலில் சொல்லியாக வேண்டும்.

நம் பக்கத்தில் ராகி என்றால் யாரும் யோசிக்காமல் வாங்கிவிடுவார்கள் என்பதால், ஒரு ராகி பிஸ்கட்டையே எடுத்துக்கொள்வோம். முன்பக்கத்தில் ராகிக் கதிர் படம். பின்பக்கத்தில் இப்படி இருக்கிறது: மைதா 46 சதவீதம், சர்க்கரை, பாமாயில், ராகி மாவு 8 சதவீதம், இன்வர்ட் சிரப், பால் பொருட்கள், உப்பச் செய்யும் பொருட்கள், உப்பு. சர்க்கரைக்குச் சதவீதம் போடவில்லை. ஆனால் அது மைதாவுக்கும் பாமாயிலுக்கும் நடுவில் நிற்கிறது. ஆகவே 46-க்கு மேல் இருக்க முடியாது, ராகியின் 8-க்குக் கீழேயும் இருக்க முடியாது. களி கிண்டிச் சாப்பிட்டுப் பழகிய நம் ஊர்க்காரர் ராகி பிஸ்கட் என்று நினைத்து வாங்குவது, ராகியைவிடச் சர்க்கரை கூடுதலாக உள்ள மைதா பிஸ்கட்.

இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். ராகி மாவில் மைதாவைப் போலப் பசைத்தன்மை கிடையாது. ராகி மட்டும் போட்டுச் சுட்டால் பிஸ்கட் உதிர்ந்துவிடும் என்பதால் ஓரளவுக்கு மைதா தேவைப்படுகிறது. எட்டு சதவீதம் என்பதையும் ஒளிக்காமல் அச்சிட்டிருக்கிறார்கள். நம் கண் கதிர்ப் படத்தோடு நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

சர்விங்குக்கு இவ்வளவு, நூறு கிராமுக்கு இவ்வளவுன்னு ரெண்டு கணக்கு இருக்கு. எதை எடுத்துக்கறது?

இரண்டு பாக்கெட்டுகளை ஒப்பிட்டுப் பார்க்க நூறு கிராம் கணக்கு. நீங்கள் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று அறிய உங்கள் தட்டில் இருக்கும் அளவு. 'சர்விங்' என்பது தயாரிப்பாளர் தேர்ந்தெடுத்த ஓர் அளவு; நீங்கள் அந்த அளவோடு நிறுத்தினால் மட்டுமே அந்த எண் உங்களுக்குப் பொருந்தும்.

அதே ராகி பிஸ்கட்டில் நூறு கிராமுக்கு மொத்தச் சர்க்கரை 26 கிராம், சேர்த்த சர்க்கரை 25 கிராம், சோடியம் 310 மில்லிகிராம். ஒரு சர்விங் என்பது இரண்டு பிஸ்கட், அதாவது 15 கிராம் என்று போட்டிருக்கிறது. அந்தக் கணக்கில் சேர்த்த சர்க்கரை 3.75 கிராம், ஒரு நாள் அளவான 50 கிராமில் சுமார் 8 சதவீதம். பார்க்கச் சிறியதுதான். ஆனால் பாக்கெட் 75 கிராம். பள்ளி விட்டு வந்த பிள்ளை டீயோடு பாக்கெட் முழுவதையும் முடித்துவிட்டால் அது ஐந்து சர்விங்; சேர்த்த சர்க்கரை ஏறக்குறைய 19 கிராம். ஒரு தேக்கரண்டிக்கு 5 கிராம் என்று வைத்தால் நான்கு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. டீயில் போட்டது தனி.

கணக்கு எளிது: நூறு கிராமுக்கான எண்ணைப் பாக்கெட்டின் எடையால் பெருக்கி நூறால் வகுத்தால் முழு பாக்கெட்டின் அளவு வந்துவிடும். எடை முன்பக்கத்தில் 'நெட் வெயிட்' என்று இருக்கும். கைப்பேசியில் ஒருமுறை போட்டுப் பார்த்தால், அதன்பின் நீங்கள் வழக்கமாக வாங்கும் பொருளுக்கு மறுபடி போட வேண்டியதில்லை.

டோட்டல் சுகர், ஆடட் சுகர்னு ரெண்டு வரி இருக்கே, ரெண்டும் ஒண்ணுதானே?

ஒன்று அல்ல. மொத்தச் சர்க்கரை என்பது பழத்திலும் பாலிலும் இயல்பாக உள்ளதும், வெளியிலிருந்து கொட்டியதும் சேர்ந்தது. சேர்த்த சர்க்கரை என்பது கொட்டியது மட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பொருளில் உண்மையான பழமோ பாலோ எவ்வளவு என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

இதற்கு மாம்பழ பானத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பருவத்தில் லாரி லாரியாக வரும் பெங்களூரா மாங்காயைப் பழுக்கவைத்துக் கூழாக்கி, அதில் ஒரு சொட்டை, கரைந்த சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்ப்பதுதான் ஆய்வகத்தில் என் வேலை. நல்ல கூழில் அளவு 14 பிரிக்ஸ் அல்லது அதற்கு மேல் காட்டும். அதாவது நூறு கிராம் கூழில் கரைந்திருப்பது சுமார் 14 கிராம், அதில் பெரும்பகுதி பழத்தின் சொந்தச் சர்க்கரை. இப்போது ஒரு பானத்தின் லேபிளைப் பாருங்கள்: தண்ணீர், மாங்கூழ் 15 சதவீதம், சர்க்கரை, அமிலச் சீராக்கி, நிறமி. நூறு மில்லிக்கு மொத்தச் சர்க்கரை 14.5 கிராம், சேர்த்த சர்க்கரை 12.5 கிராம். மீதி 2 கிராம்தான் மாம்பழம் கொண்டுவந்தது. கூழில் 14 சதவீதம் சர்க்கரை, அந்தக் கூழ் பானத்தில் 15 சதவீதம் என்று பெருக்கினாலும் 2.1 வருகிறது, ஆக லேபிள் ஒழுங்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அந்த பானத்தின் 250 மில்லி பாட்டிலில் சேர்த்த சர்க்கரை 31 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. இதிலும் விதிமீறல் கிடையாது. 'பழ பானம்' என்று விற்க மாம்பழத்துக்குக் குறைந்தபட்சம் 10 சதவீதப் பழம் இருந்தால் போதும் என்பது தர விதி. கூழாகக் கிளம்பியபோது இருந்த மணம் அப்படியே இருக்கும். பழம் ஏழில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் இருக்கும்.

சக்கரையை வேற பேர்ல எழுதி மறைக்கறாங்கன்னு சொல்றாங்களே, அது என்னென்ன பேருண்ணா?

கடையில் அடிக்கடி கண்ணில் படும் பெயர்களை மட்டும் சொல்கிறேன். 'ஓஸ்' என்று முடிபவை: சுக்ரோஸ், குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ், ஃப்ரக்டோஸ், மால்டோஸ். 'சிரப்' என்று முடிபவை: இன்வர்ட் சிரப், கார்ன் சிரப், கோல்டன் சிரப். இவை தவிர லிக்விட் குளுக்கோஸ், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், பழச்சாறு கான்சன்ட்ரேட் ஆகியவையும் சர்க்கரையின் உறவினர்கள்தான்.

'ஓஸ்' என்ற முடிவை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். செல்லுலோஸ் என்பது நார். சுக்ரலோஸ் என்பது கலோரி இல்லாத இனிப்பூட்டி. லாக்டோஸ் பாலில் தானாகவே இருப்பது. மேலும், இந்தப் பெயர்கள் எல்லாம் மறைப்பதற்காகவே வந்தவை என்பதும் நியாயமான பேச்சு அல்ல. மிட்டாயில் லிக்விட் குளுக்கோஸ் சேர்க்காவிட்டால் சர்க்கரை மணல் மணலாகப் படிகமாகிவிடும். பிஸ்கட்டில் இன்வர்ட் சிரப் போடுவது நல்ல பழுப்பு நிறம் வருவதற்காகவும் ஈரப்பதத்தைப் பிடித்துவைப்பதற்காகவும்.

ஆனால் விளைவு என்று ஒன்று இருக்கிறது. சர்க்கரையை மூன்றாகப் பிரித்து மூன்று பெயரில் எழுதும்போது, ஒவ்வொன்றும் எடையில் குறைந்து பட்டியலில் கீழே இறங்கிவிடும். முதலில் நிற்க வேண்டியது மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது இடங்களில் சிதறி நிற்கும். அப்போது சேர்மானப் பட்டியலை விட்டுவிட்டு 'ஆடட் சுகர்ஸ்' வரிக்குப் போய்விடுங்கள். ராகி பிஸ்கட்டில் 22 கிராம் சர்க்கரையும் இன்வர்ட் சிரப்பிலிருந்து வந்த 3 கிராமும் சேர்ந்துதான் அங்கே 25 என்று நின்றது.

அந்த வரியில் அகப்படாமல் தப்பிக்கும் ஆள் மால்டோடெக்ஸ்ட்ரின். அது மாவுச்சத்தை உடைத்துச் செய்வது. சட்டக் கணக்கில் சர்க்கரை அல்ல, நாக்கிலும் அதிகம் இனிக்காது. வயிற்றுக்குள் போனதும் விரைவாகக் குளுக்கோஸாக மாறிவிடும். கரைத்துக் குடிக்கும் சத்துமாவுப் பவுடர்களிலும் சிப்ஸ் மசாலாவிலும் பார்க்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தப் பெயர் முதல் மூன்று இடங்களுக்குள் இருந்தால் கார்போஹைட்ரேட் வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெல்லம், தேன், பேரீச்சைப் பாகு போட்டதுன்னா பரவாயில்லையா?

கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் தேன், பாகு, பழச்சாறு, பழச்சாறு கான்சன்ட்ரேட் எல்லாவற்றையும் வெள்ளைச் சர்க்கரையோடு ஒரே கூட்டத்தில்தான் வைக்கிறது. வெல்லத்தில் இரும்பு போன்ற தாதுக்கள் சிறிது உண்டு. எனினும் அதன் எடையில் மிகப் பெரும் பகுதி சுக்ரோஸ்தான். வெல்லத்தின் மணம் பிடித்திருந்தால் அதற்காக வாங்கலாம். 'வெள்ளைச் சர்க்கரை சேர்க்கவில்லை' என்று முன்பக்கத்தில் இருந்தால், அது உண்மையாகவே இருக்கும். பின்பக்கத்தில் சேர்த்த சர்க்கரை 30 கிராம் என்று இருப்பதும் உண்மையாகவே இருக்கும்.

'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று பொதுவாகச் சொல்வது இதிலிருந்து வேறுபட்டது. எந்த வகைச் சர்க்கரையும் சேர்க்காமல் இருந்தால்தான் அப்படி எழுத முடியும். அப்போதும் பழத்தின் சர்க்கரை உள்ளே இருக்கும் என்பதால் மொத்தச் சர்க்கரை வரியைப் பாருங்கள்.

சுகர் ஃப்ரீன்னு போட்டிருக்கு. எங்க அப்பாவுக்கு சுகர் இருக்கு, தாராளமா குடுக்கலாமா?

குடுக்கலாம், தாராளமாக அல்ல. நூறு கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாவிட்டால் 'சுகர் ஃப்ரீ' என்று எழுத விதி இடம் கொடுக்கிறது. மைதாவைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை.

இதில் என் தவறு ஒன்றும் உண்டு. கடை தொடங்கிய புதிதில், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டு ரஸ்க்கோடு காலைக் காபியை முடிப்பவர், சர்க்கரை கூடிவிட்டதென்று மருத்துவர் சொன்னதும் என்னிடம் வந்தார். "சார், இதை எடுத்துக்குங்க, சர்க்கரையே கிடையாது" என்று ஒரு ரஸ்க் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். சர்க்கரையே இல்லையே என்ற தைரியத்தில் இரண்டு ரஸ்க் ஆறாகிவிட்டது. ஒரு ரஸ்க் 10 கிராம், நூறு கிராமுக்குக் கார்போஹைட்ரேட் 70 கிராம். ஆக ஆறு ரஸ்க்கில் 42 கிராம். ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைச் சீட்டோடு வந்து நின்றார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இந்தப் பொருட்களைக் கொடுக்கும்போது கார்போஹைட்ரேட் வரியின் மேல் விரல் வைத்துக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

மற்றொன்று, இனிப்புக்காக மால்டிடால், சார்பிடால் போன்றவை சேர்த்திருந்தால் அவற்றுக்கும் ஓரளவு கலோரி உண்டு. அதிகம் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு வரலாம் என்ற எச்சரிக்கை பாக்கெட்டிலேயே சிறிய எழுத்தில் இருக்கும்.

உப்பு எவ்வளவுன்னு எங்கயுமே எழுதலையேண்ணா?

எழுதியிருக்கிறார்கள், சோடியம் என்ற பெயரில். சமையல் உப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் சோடியம், மீதி குளோரைடு. ஆகவே சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு வரும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1000 மில்லிகிராம், அதாவது ஒரு கிராம் உப்பு. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு லேபிள் எடுத்துக்கொள்ளும் மேல்வரம்பு 2000 மில்லிகிராம் சோடியம்; அதாவது 5 கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி. வீட்டுக் குழம்பு, ரசம், மோரில் போட்டதும் இதற்குள் அடக்கம்.

சோடியம் உப்பிலிருந்து மட்டும் வருவதில்லை. சமையல் சோடா, மோனோசோடியம் குளுட்டமேட், சோடியம் பென்சோவேட், சோடியம் சிட்ரேட் என்று 'சோடியம்' ஒட்டியுள்ள எல்லாமே கொண்டுவரும். சர்க்கரையில் மால்டோடெக்ஸ்ட்ரின் தப்பித்ததைப் போல இங்கே எதுவும் தப்பிக்காது. எல்லாம் சோடியம் வரியில் கூட்டப்பட்டிருக்கும். அதனால் உப்புக்குப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இல்லை.

ஊறுகாய்தான் உப்பு, பிரெட் உப்பே இல்லை. அப்ப பிரெட் சாப்பிட்டா பி.பி.க்கு ஒண்ணும் ஆகாதுல்ல?

நாக்கை நம்ப வேண்டாம் என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். 12 சதவீதம் உப்பு போட்ட மாங்காய் ஊறுகாயில் நூறு கிராமுக்குச் சோடியம் சுமார் 4700 மில்லிகிராம். பிரெட்டில் நூறு கிராமுக்கு 450. நூறு கிராம் கணக்கை மட்டும் பார்த்தால் ஊறுகாய் பத்து மடங்கு மோசம்.

ஆனால் மோர்ச்சோற்றுக்கு யாரும் நூறு கிராம் ஊறுகாய் தொட்டுக்கொள்வதில்லை; 10 கிராம் போதும். அதில் சோடியம் 470. பிரெட் துண்டு ஒன்று 25 கிராம் என்றால், காலையில் ஜாம் தடவி நான்கு துண்டு சாப்பிட்டாலே நூறு கிராம், சோடியம் 450. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஒரு கிராமுக்குச் சற்று மேற்பட்ட உப்பு. ஊறுகாயில் உப்பு நாக்கில் உறைக்கிறது, அளவாக நிறுத்திவிடுகிறோம். பிரெட்டில் மாவுக்குள் கலந்து கிடப்பதால் தெரிவதில்லை. முன்பு சொன்ன 'நூறு கிராம் ஒப்பிட மட்டும்' என்ற விதியில் ஒரு திருத்தம் இங்கே தேவைப்படுகிறது: ஒரே வகைப் பொருட்களை ஒப்பிட மட்டும். பிரெட்டைப் பிரெட்டோடு, ஊறுகாயை ஊறுகாயோடு வையுங்கள்.

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் ஊறுகாயை நிறுத்திவிட்டு பிரெட்டும் உப்பு பிஸ்கட்டுமாக மாறுவதைக் கடையில் பார்க்கிறேன். அவர்கள் தப்பித்ததாக நினைக்கும் சோடியம் அப்படியே திரும்பிவருகிறது.

621, 330, 500ன்னு நம்பர் போட்டதெல்லாம் கெமிக்கல்தானே?

அவை உலகம் முழுவதும் பொதுவாக வழங்கும் ஐ.என்.எஸ். எண்கள், கூட்டுப்பொருளின் அடையாள எண், அவ்வளவுதான். 330 என்பது எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம். 300 என்பது வைட்டமின் சி. 322 லெசிதின். 500 என்பதில் நம் வீட்டுச் சமையல் சோடா அடங்கும். எண் இருப்பதால் ஒரு பொருள் கெட்டதாகிவிடாது. எண் இல்லாததால் நல்லதாகிவிடாது.

எல்லாரும் பயப்படும் 621 மோனோசோடியம் குளுட்டமேட். அதன் எடையில் சோடியம் சுமார் 12 சதவீதம். சமையல் உப்பில் 39 சதவீதம். நூடுல்ஸ் மசாலாப் பொட்டலத்தில் சோடியம் அதிகமாக இருப்பதற்கு முதல் காரணம் அதிலுள்ள சாதாரண உப்புதான். 621 இல்லை என்று முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்ட நூடுல்ஸிலும் சோடியம் வரியைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

இந்துப்பு போட்ட சிப்ஸ், லோ சோடியம் உப்பு இதெல்லாம் நல்லதா?

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். இளஞ்சிவப்பு நிறத்தால் சோடியம் குறைந்துவிடாது. அயோடின் சேர்க்காத இந்துப்பை மட்டும் வீட்டில் பயன்படுத்தினால் அயோடின் கிடைக்காமல் போகும் என்பதும் கவனிக்க வேண்டியது.

லோ சோடியம் உப்பு உண்மையிலேயே வேறானது. சோடியம் குளோரைடில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பார்கள். சோடியம் குறைவதும் உண்மை. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், உடலில் பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவற்றை எடுப்பவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் கூடி இதயத் துடிப்பே பாதிக்கப்படலாம். மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் காட்டிக் கேட்காமல் இதை நான் யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை.

ஆர்.டி.ஏ. இத்தனை சதவீதம்னு போட்டிருக்கே, சின்னப் பசங்களுக்கும் அதே கணக்கா?

இல்லை. ஆர்.டி.ஏ. என்பது ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கும் அளவு. அந்தச் சதவீதம் ஒரு நாளைக்கு 2000 கிலோ கலோரி தேவைப்படும் பெரியவரை வைத்துப் போட்டது. சேர்த்த சர்க்கரைக்கு 50 கிராம், சோடியத்துக்கு 2000 மில்லிகிராம். ஐந்து வயதுக் குழந்தைக்குத் தேவை ஏறக்குறைய 1350 கிலோ கலோரி. சர்க்கரையிலிருந்து வருவது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்ற அதே அளவுகோலில் குழந்தைக்கு 34 கிராம் வருகிறது. மேலே சொன்ன மாம்பழ பானம் ஒரு பாட்டிலிலேயே 31 கிராம். ஆக, லேபிளில் 62 சதவீதம் என்று வருவது அந்தக் குழந்தைக்கு 90 சதவீதத்துக்கு மேல்.

சதவீதத்தைத் தேவை என்று படிப்பவர்களும் உண்டு. வைட்டமினுக்கு அது எட்ட வேண்டிய அளவு. சர்க்கரைக்கும் சோடியத்துக்கும் தாண்டக் கூடாத அளவு.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரை இருந்தா நல்ல சாமான்தானே?

உரிமம் பெற்றவர் தயாரித்தது என்று பொருள். முத்திரைக்குக் கீழுள்ள பதினான்கு இலக்க எண், குறை இருந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்காக இருக்கிறது. சர்க்கரையும் உப்பும் குறைவு என்று அது சான்று தரவில்லை.

லேபிளே இல்லாத லோக்கல் மிக்சர், முறுக்குக்கு என்ன பண்றது?

செய்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு கிலோ மாவுக்கு எவ்வளவு உப்பு போடுகிறீர்கள்? லேபிள் கணக்கையே தலைகீழாகப் போட்டுவிடலாம்.

எங்கள் கடைக்குப் பாலக்கோடு பக்கத்திலிருந்து ராகி முறுக்கு போடும் அக்கா ஒருவரிடம் நான் அப்படித்தான் கேட்டேன். "கையளவுதாம்பா, யாரு நிறுத்துப் பாத்தா" என்றார். அடுத்த முறை வரும்போது அந்தக் கையளவை ஒரு தாளில் மடித்து எடுத்து வரச் சொன்னேன். கடைத் தராசில் வைத்தோம்: 20 கிராம். ஒரு கிலோ மாவு எண்ணெய் குடித்து, தண்ணீர் வற்றி, முறுக்காக வரும்போது 1100 கிராம் நிற்கிறது. 20 கிராம் உப்பில் சோடியம் ஏறக்குறைய 7860 மில்லிகிராம். அதைப் பதினொன்றால் வகுத்தால் நூறு கிராம் முறுக்கில் 715. பக்கத்து அலமாரியில் இருந்த கம்பெனி முறுக்கை எடுத்துப் படித்துக் காட்டினேன், அதில் 690. "அப்ப நான்தான் ஜாஸ்தியா?" என்று கேட்டுவிட்டு, தாளில் இருந்த உப்பிலிருந்து ஒரு சிட்டிகையை எடுத்துப் போட்டுவிட்டு மீதியை மறுபடி தராசில் வைக்கச் சொன்னார். 18 கிராம் காட்டியது. அந்தத் தாளை அப்படியே மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.